புதன்கிழமை நேர்காணலை வேறு நாளுக்கு மாற்றித் தர முடியுமா? (குவாலிட்டி லேப் அசிஸ்டென்ட் வேலை)

வணக்கம் மேடம்,

நான் செல்வகுமார், வேடசந்தூரிலிருந்து எழுதுகிறேன். வரும் புதன், நவம்பர் 12 காலை 10.30 மணிக்கு சூலூர் மில்லுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தீர்கள், நானும் சரி என்றிருந்தேன். அன்றைக்கு எனக்கு வார லீவு, அதை நம்பித்தான் சொன்னேன். ஆனால் இன்று மதியம் இங்கே லீவை ரத்து செய்துவிட்டார்கள். நூல் எடுக்கும் கம்பெனியின் ஆட்கள் அதே புதன்கிழமை தரம் பார்க்க வருகிறார்களாம், அவர்களுக்குப் போன 40-ஆம் நம்பர் கோம்ப்டு நூலுக்கு கவுன்ட், லீ ஸ்ட்ரெங்த் டெஸ்ட் எல்லாம் போட்டது நான், ரிப்போர்ட்டில் இருப்பதும் என் கையெழுத்து என்பதால் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல நான்தான் நிற்க வேண்டும். இன்னொருவரை விட்டுச் சமாளிக்கலாம் என்றால் லேபில் இருக்கும் மற்றவர் ஊருக்குப் போயிருக்கிறார்.

அதனால் வேறு நாள் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். எனக்கு ரொம்ப வசதி 15-ஆம் தேதி சனிக்கிழமை. புதன் வேலை செய்வதற்குப் பதில் லீவு அன்றைக்குத் தருகிறார்கள், காலை 10 மணியிலிருந்து மாலை வரை எப்போது கூப்பிட்டாலும் வருவேன். ராப் ரீலில் 120 கஜம் சுற்றி கவுன்ட் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும் என்று போனில் சொன்னீர்களே, அதற்கும் சனிதான் சரிப்படும்.

சனி முடியாது என்றால் வெள்ளி 14, மதியம் 2 மணிக்கு மேல். வியாழன் எனக்கு முழு நைட், காலையில் ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக வந்து சேரவே மதியமாகிவிடும். தூங்காமல் கண் சிவந்து வந்து உட்கார்வேன், தப்பாக நினைக்காதீர்கள்! முதலில் பேசிப் பார்த்துவிட்டு அப்புறம் நேரில் கூப்பிடலாம் என்றால் திங்கள் 17 காலை 9 முதல் 12 வரை வீடியோ காலில் வர முடியும், அந்த வாரம் அரை நைட் என்பதால் மாலையில்தான் வேலை. இல்லை, புதன்கிழமையே முடித்தாக வேண்டும் என்றால் அன்று இரவு 7 மணிக்கு மேல் வீடியோவில் பேசலாம், வந்தவர்கள் அதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

எது சரிவரும் என்று நாளை மாலைக்குள் சொன்னால் நல்லது, சனி என்றால் பஸ்ஸுக்குத் திட்டம் போட்டுக்கொள்வேன். ஷிப்டில் இருக்கும்போது செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அழைத்து எடுக்கவில்லை என்றால் வாட்ஸப்பில் ஒரு வரி போடுங்கள், வெளியே வந்ததும் கூப்பிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வேலை மாறப் பார்க்கிறேன் என்று இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது, அதனால் பயோடேட்டாவில் இருக்கும் மில் நம்பருக்கு மட்டும் இப்போதைக்கு அழைக்க வேண்டாம் மேடம்.

கடைசி நேரத்தில் மாற்றச் சொல்வது உங்களுக்குச் சிரமம்தான், மன்னிக்கவும். சர்டிபிகேட் ஒரிஜினல்களும் சம்பளச் சீட்டும் எடுத்து வைத்துவிட்டேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

நன்றி மேடம்,
செல்வகுமார்
வேடசந்தூர்