அசல் வழக்கு எண் 118/2025: 18.11.2025 வாய்தா விவரம், அடுத்த தேதிகள், கட்டணம், உங்களிடமிருந்து தேவைப்படுபவை

மதிப்பிற்குரிய செல்வராஜ் சார்,

வணக்கம். நேற்று (செவ்வாய், 18.11.2025) சார்பு நீதிமன்றத்தில் நம் வழக்கு எடுக்கப்பட்டது. நீங்கள் வராததால் எந்தப் பாதகமும் இல்லை. இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது, எழுவினாக்கள் வனையப்பட்டன. 10.04.2023 தேதியிட்ட புரோநோட்டைப் பிரதிவாதி எழுதிக் கொடுத்தாரா, அவர் உங்கள் கணக்கில் போட்ட தொகைகள் வட்டியா வேறு கணக்கா, உங்களுக்கு 13,80,000 ரூபாய் வர வேண்டுமா என்ற மூன்றும்தான் இனி விசாரணைக்கான கேள்விகள். இரண்டாவது, புரோநோட்டில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை, அதைக் கையெழுத்து நிபுணருக்கு அனுப்ப வேண்டும் என்று பிரதிவாதி ஒரு இடைக்கால மனு போட்டிருக்கிறார். நகலை நீதிமன்றத்திலேயே பெற்றுக்கொண்டேன். எதிர்மனு தாக்கல் செய்ய 02.12.2025 வரை வாய்தா.

இந்த மனுவை அடியோடு எதிர்க்கப் போவதில்லை. எதிர்த்தால் நமக்குப் பயம் என்ற தோற்றம் வரும். நிபந்தனைகள்தான் முக்கியம். வக்காலத்திலும் எதிருரையிலும் உள்ள கையெழுத்துகள் தகராறு வந்த பிறகு போட்டவை. வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கலாம். அவற்றோடு ஒப்பிடக் கூடாது, 2023-ஐ ஒட்டி அவர் வங்கியில் போட்ட கையெழுத்துகளை வரவழைத்துத்தான் ஒப்பிட வேண்டும், நிபுணர் செலவை அவரே ஏற்க வேண்டும் என்று எதிர்மனுவில் கேட்கிறேன்.

வழக்கின் உயிரே அந்தக் கையெழுத்துதான். கையெழுத்து நிரூபணமானால், பணம் கைமாறியது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று காட்டும் சுமை அவர் தலையில் விழும். அதனால்தான் அவர் அடியிலேயே கை வைக்கிறார்.

ஆனால் அவருடைய எதிருரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மே 2023 முதல் ஜனவரி 2024 வரை மாதம் 12,000 வீதம் ஒன்பது முறை அவர் கணக்கிலிருந்து உங்களுக்கு வந்திருக்கிறது. 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாத வட்டி சரியாக 12,000. இதை அவர் மறுக்கவில்லை, “நான் கட்டிய சீட்டுப் பணம்” என்கிறார். இப்போது உங்களிடம் நேராகக் கேட்கிறேன்: அவரோடு எப்போதாவது சீட்டு நடத்தினீர்களா, சீட்டில் சேர்ந்தீர்களா? ஒரு சின்னச் சீட்டாக இருந்தாலும் எனக்கு இப்போதே தெரிய வேண்டும். குறுக்கு விசாரணையில் முதல் முறையாகக் கேள்விப்பட்டால் என்னால் எதுவும் செய்ய முடியாது.

அடுத்த தேதிகள்:

02.12.2025, செவ்வாய்: இடைக்கால மனுவில் நம் எதிர்மனு. நீங்கள் வர வேண்டாம். 28.11.2025 வெள்ளி மாலைக்குள் அலுவலகம் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

16.12.2025, செவ்வாய்: உங்கள் சாட்சியம். காலை 10 மணிக்கு அடையாள அட்டை அசலோடு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும், கட்டாயம். அன்று உங்கள் நிரூபண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்து, கூண்டில் ஏறி உறுதிமொழி சொல்லி, ஆவணங்களைக் குறியீடு செய்வோம். குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு பெரும்பாலும் வாய்தா கேட்பார்கள். அன்றே தயார் என்றாலும் நாம் பின்வாங்கக் கூடாது. வர முடியாத நிலை என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், அன்று காலை போனில் சொன்னால் சாட்சியத்தை முடித்துவைக்கும் அபாயம் உண்டு. தேதி மாறியதா என்று services.ecourts.gov.in தளத்தில் வழக்கு எண் போட்டு நீங்களே பார்க்கலாம். உத்தரவு ஏறச் சில சமயம் ஒரு நாள் பிந்தும்.

உங்களிடமிருந்து தேவைப்படுபவை, அவசர வரிசையில்:

1. வங்கிக் கணக்கு விவரம், 01.04.2023 முதல் 31.03.2024 வரை. நீங்கள் ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பிய 9 லட்சமும் இதில் வரும். ஆப்பிலிருந்து இறக்கிய பிடிஎஃப் போதாது. வங்கியாளர் புத்தகச் சான்றுச் சட்டப்படியான சான்றோடு, மேலாளர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். சில கிளைகளில் ஒரு வாரம் இழுப்பார்கள், நாளைக்கே எழுதிக் கொடுங்கள்.

2. வாட்ஸ்அப். “அண்ணே, இந்த மாச வட்டி போட்டுட்டேன், பாத்துக்கோங்க” என்று 12.08.2023-இல் அவர் அனுப்பிய செய்தி சீட்டுக் கதையை உடைக்கும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் காட்டிப் பயனில்லை. பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவுப்படி இரண்டு பகுதிச் சான்று வேண்டும்: பகுதி ‘அ’ போனை வைத்திருக்கும் நீங்கள், பகுதி ‘ஆ’ நிபுணர். அதில் ஹேஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். அதுவரை அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், அந்த உரையாடலில் எதையும் அழிக்காதீர்கள், தானாக மறையும் அமைப்பு ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

3. ரொக்கமாகக் கொடுத்த 3 லட்சம் எங்கிருந்து வந்தது? குறுக்கு விசாரணையில் முதலில் குத்துவது இங்கேதான். ரொக்கக் கடன் பற்றிய வருமான வரித் தடை வாங்கியவரைத்தான் பிடிக்கும். ஆனாலும் மூலத்தைக் காட்ட முடியாவிட்டால் உங்கள் பேச்சின் நம்பகம் குறையும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டின் வரிக் கணக்கு, பணம் எடுத்த பதிவு, எது இருந்தாலும் அனுப்புங்கள்.

4. புரோநோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரின் இப்போதைய முகவரி. ஒருவர் வீடு மாறிவிட்டார் என்றீர்கள், பழைய முகவரிக்குச் சம்மன் போனால் திரும்பித்தான் வரும்.

இவை 03.12.2025-க்குள் வந்தால் வாக்குமூல வரைவை 08.12.2025-இல் அனுப்புவேன். வரிக்கு வரி படியுங்கள். தேதியோ தொகையோ ஒன்று பிசகினாலும் அதே வரியை வைத்துத்தான் உங்களை மடக்குவார்கள்.

கட்டணம்: பேசியபடி மொத்தம் 75,000. தாக்கலின்போது 30,000 பெற்றுக்கொண்டேன். விசாரணை தொடங்குவதால் இரண்டாம் தவணை 25,000, 05.12.2025-க்குள். மீதி 20,000 வாதுரையின்போது. இடைக்கால மனுவுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை. செலவுக்குக் கொடுத்த 5,000-இல் சம்மன் பேட்டாவும் தபாலும் 620, நகல் 430, டைப்பிங்கும் ஜெராக்ஸும் 1,450, ஆக 2,500 போக 2,500 கையிருப்பு. இப்போதைக்குக் கூடுதலாக வேண்டாம். வாட்ஸ்அப் சான்றின் பகுதி ‘ஆ’ நிபுணர் 3,000 கேட்கிறார், அதை அவரிடமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரதிவாதியின் வீட்டைத் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கடன் பாக்கி என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. டிக்ரியை ஏய்க்கச் சொத்தை விற்க முயல்கிறார் என்று காட்ட வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், புதிய அடமானமோ விற்பனை ஒப்பந்தமோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள், மனு போடுகிறேன்.

கடைசியாக, அவருடைய வழக்கறிஞர் 9 லட்சத்துக்குத் தவணையில் முடித்துக்கொள்ளலாமா என்று வாய்வார்த்தையாகக் கேட்டார். நான் பிடி கொடுக்கவில்லை, முடிவு உங்களுடையது. என் கருத்தில் தொகை குறைவு, தவணைக்குப் பிணையும் இல்லை. ஆனால் சமரச மையத்தில் முடிந்தால் நாம் கட்டிய நீதிமன்றக் கட்டணம் 41,400 திரும்பக் கிடைக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். அதுவரை அவர் போன் செய்தால் தொகை எதுவும் பேசாதீர்கள், “உங்கள் வக்கீலை என் வக்கீலிடம் பேசச் சொல்லுங்கள்” என்பதோடு நிறுத்திவிடுங்கள்.

சீட்டு பற்றிய கேள்விக்கு மட்டும் இன்றோ நாளையோ பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கலைச்செல்வி
வழக்கறிஞர்
19.11.2025

இணைப்பு: எதிருரை நகல், இடைக்கால மனு நகல், எழுவினாக்கள், செலவு ரசீதுகள்