பங்குதாரர் ஒப்பந்த வரைவு: 12 சதவீதப் பங்குதாரரின் உரிமைகள், சுருக்கக் குறிப்பு

அன்புடையீர்,

தாங்கள் அனுப்பிய பங்குதாரர் ஒப்பந்த வரைவை முழுவதும் படித்துவிட்டேன். நான்கு உரிமைகளைத் தனித்தனியே கேட்டிருந்தீர்கள். தனித்தனியே படித்தால் நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றைப் பயன்படுத்தும்போது இன்னொன்று கைநழுவும்படி எழுதப்பட்டிருப்பதுதான் சிக்கல். கையெழுத்திடுவதற்கு முன் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

முதலீடு முடிந்ததும் மொத்தப் பங்குகள் 1,00,000. முதல் நிறுவனரிடம் 36,000, இரண்டாம் நிறுவனரிடம் 32,000, முதலீட்டு நிதியத்திடம் 20,000, தங்களிடம் 12,000. கீழே உள்ள கணக்குகள் எல்லாம் இதை வைத்தே போடப்பட்டவை.

இயக்குநர் குழுவில் இடம் (பிரிவு 6)

குழுவில் ஐந்து பேர்: நிறுவனர்கள் இருவர், நிதியத்தின் சார்பில் ஒருவர், தங்கள் சார்பில் ஒருவர், தனி இயக்குநர் ஒருவர். தங்கள் இயக்குநரை நியமிப்பதும் நீக்குவதும் தங்கள் கையில். ஆனால் "10 சதவீதத்துக்குக் குறையாமல் பங்கு வைத்திருக்கும் வரை" என்ற நிபந்தனை இருக்கிறது. குறைந்துவிட்டால் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கும் பார்வையாளர் இடம் மட்டுமே. அதுவும் 5 சதவீதம் வரைதான்.

ஐந்தில் ஒரு வாக்கு எதையும் தடுக்காது. உண்மையான பலம் பிரிவு 7-இல் உள்ள ஒப்புதல் பட்டியலில் இருக்கிறது: கூடுதல் உரிமை கொண்ட புதிய வகைப் பங்குகள் வெளியிடுவது, நிறுவன விதிகளை மாற்றுவது, நிறுவனர்களின் உறவினரோடு வணிக ஒப்பந்தம் செய்வது, தொழிலையே விற்பது. இவற்றுக்குத் தங்கள் இயக்குநரின் சம்மதம் தேவை. இந்தத் தடை அதிகாரம் தங்களுக்கு அல்ல, தங்கள் இயக்குநருக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இடம் போனால் தடையும் போய்விடும். மேலும், இயக்குநர் என்பவர் நிறுவனத்தின் நலனுக்காகவே முடிவெடுக்கக் கடமைப்பட்டவர். தங்களுக்காக மட்டும் மறுக்க அவருக்குத் தயக்கம் வரலாம். "முதலீட்டாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல்" என்று மாற்றினால் இரண்டு குறையும் தீரும்.

கூட்டத்துக்கான குறைந்தபட்ச வருகையில் தங்கள் இயக்குநர் கட்டாயம். ஆனால் ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்தை எந்த இருவரும் நடத்தலாம். நிறுவனர்கள் இருவர் போதும்.

முன்னுரிமை உரிமை (பிரிவுகள் 5, 8)

இதில் இரண்டு வகை. புதிய பங்குகள் வெளியிட்டால், தங்கள் விகிதத்துக்கு உரியதைத் தாங்கள் முதலில் வாங்கலாம். அறிவிப்பிலிருந்து 15 நாட்கள். 25,000 புதிய பங்குகள் வெளியானால் தங்கள் பங்கு 3,000. வாங்கினால் 12 சதவீதம் நிலைக்கும். வாங்காவிட்டால் 1,25,000-இல் 12,000, அதாவது 9.6 சதவீதம். ஒரே சுற்றில், யாரும் தவறு செய்யாமலே, இயக்குநர் இடம் போய்விடும்.

ஊழியர் பங்குத் திட்டம் இந்த உரிமைக்கு விலக்கு. அதன் உச்சவரம்பு 10,000 பங்குகள். அது முழுவதும் ஒதுக்கப்பட்டால் தங்கள் விகிதம் தானாகவே 10.9 ஆகும். அதற்குப் பிறகு அந்த 25,000 பங்குச் சுற்றில் கலந்துகொள்ளாவிட்டால் 8.9. பணம் புரட்ட 15 நாட்கள் போதாது, 30 கேளுங்கள்.

இரண்டாவது வகை, ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கும்போது மற்றவர்களுக்குக் கிடைக்கும் முன்னுரிமை. முதல் நிறுவனர் 20,000 பங்குகளை விற்கிறார் என்றால், மற்ற மூவரின் 64,000-இல் தங்களுடையது 12,000. எனவே 3,750 பங்குகளைத் தாங்கள் வாங்கலாம். குடும்பத்தினருக்கும் சொந்த நிறுவனங்களுக்கும் மாற்றுவது விலக்கு. அது வழக்கமானதுதான். அப்படிப் பெற்ற நிறுவனம் பிறகு வெளியார் கைக்குப் போனால் பங்குகள் திரும்பி வர வேண்டும் என்ற வரி மட்டும் விடுபட்டிருக்கிறது.

டேக்-அலாங், உடன் விற்கும் உரிமை (பிரிவு 9)

நிறுவனர் 10 சதவீதத்துக்கு மேல் விற்றால், அதே விலையில், அதே நிபந்தனையில் தாங்களும் உடன் விற்கலாம். மேலே சொன்ன 20,000 பங்கு விற்பனையையே எடுத்துக்கொள்வோம். முதல் நிறுவனரிடம் 36,000, தங்களிடம் 12,000. தங்கள் விகிதம் கால் பங்கு. ஆகவே தங்களுடைய 5,000 போகும், நிறுவனரின் 15,000 போகும். நிதியமும் உடன் விற்க வந்தால் தங்களுக்கு 3,529 மட்டுமே. கட்டுப்பாடே கைமாறினால், அதாவது 50 சதவீதத்துக்கு மேல் விற்றால், 12,000-ஐயும் விற்றுவிட்டு வெளியேறலாம். இந்த வரி மிக நல்லது. பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் 5,000 பங்குகளை விற்றபின் தங்களிடம் மிஞ்சுவது 7 சதவீதம். தங்களுக்குத் தந்த உரிமையைப் பயன்படுத்தியதற்கே இயக்குநர் இடத்தை இழக்கிறீர்கள்.

இன்னொரு ஓட்டை: 10 சதவீத வரம்பு "ஒரு பரிவர்த்தனைக்கு" என்று இருக்கிறது. 9 சதவீதமாக இரண்டு முறை, ஒரே வாங்குபவருக்கு விற்றால் தங்களுக்குக் கடிதமே வராது. 12 மாதங்களில் நடந்தவற்றைக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று சேர்க்கலாம். நிதியம் தன் 20 சதவீதத்தை விற்றாலும் இந்த உரிமை எழாது. அதை மாற்ற அவர்கள் ஒப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

டிராக்-அலாங், கட்டாய உடன் விற்பனை (பிரிவு 10)

இது தங்கள் மேல் சுமத்தப்படும் கடமை. முதலீட்டுக்கு 36 மாதங்களுக்குப் பிறகு, 75 சதவீதப் பங்குதாரர்கள் முழு நிறுவனத்தையும் விற்க முடிவெடுத்தால் தாங்களும் விற்றாக வேண்டும். மறுத்தால் தங்கள் சார்பில் நிறுவனமே கையெழுத்திட அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. நிறுவனர்கள் இருவரும் சேர்ந்து 68 தான். நிதியம் சேர்ந்தால் 88. தங்கள் சம்மதம் அவர்களுக்குத் தேவையில்லை.

விலைக்கு அடித்தளம் "நியாயமான சந்தை மதிப்பு", மதிப்பீட்டாளரை இயக்குநர் குழு நியமிக்கும். பெரும்பான்மை விற்பவர்களிடம் இருக்கும் குழு அது. தாங்கள் தந்த விலைக்குக் கீழே கட்டாயப்படுத்தக் கூடாது என்று கேளுங்கள்.

மிகப் பெரிய முரண் பிரிவு 10.6. விற்பனைத் தொகை பங்கு எண்ணிக்கைப்படி பிரிக்கப்படும் என்கிறது. ஆனால் பிரிவு 14, முதலில் தங்கள் முதலீடு முழுவதும் திரும்ப வேண்டும் என்கிறது. பங்கு ஒன்றுக்கு 100 தந்து வாங்கியது, 60-க்குப் போனால் 14-இன்படி தங்களுக்கு 12 லட்சம், 10.6-இன்படி 7.2 லட்சம். எது மேலோங்கும் என்று எங்கும் எழுதவில்லை. "பிரிவு 14-க்கு உட்பட்டு" என்ற மூன்று சொற்களைச் சேர்த்தால் போதும்.

வாங்குபவருக்கு விற்பவர்கள் அளிக்கும் உத்தரவாதங்களுக்கு "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று இருக்கிறது. நிறுவனர்கள் மறைத்த வரிப் பாக்கிக்கு 12 சதவீதக்காரர் முழுத் தொகையும் கட்ட நேரலாம். தங்கள் உத்தரவாதம் பங்கின் உரிமையைப் பற்றி மட்டும் இருக்கட்டும். பொறுப்பு தாங்கள் பெற்ற தொகையைத் தாண்டக் கூடாது.

எதிர்த்தரப்பிடம் கேட்க வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்: இயக்குநர் இடத்துக்கான வரம்பை 5 சதவீதமாக்குவது, 10.6-ஐத் திருத்துவது, பிரிவு 7-இன் ஒப்புதலைத் தங்கள் பெயருக்கு மாற்றுவது, உத்தரவாதப் பொறுப்புக்கு எல்லை, டேக்-அலாங்கில் கூட்டிக் கணக்கிடுதல். முதல் இரண்டும் கிடைக்காவிட்டால் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். மற்றவற்றில் பேரம் பேசலாம்.

ஒப்பந்தம் இறுதியானதும், இதே பிரிவுகள் நிறுவனத்தின் சங்க விதிகளிலும் இடம்பெற வேண்டும். அதற்கான திருத்தத் தீர்மானம், தாங்கள் பணம் அனுப்பும் நாளிலேயே நிறைவேற வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்குங்கள்.