சரவணனுக்கு: ரெஃபரன்ஸ் கேட்டது பற்றி

அன்புள்ள சரவணன்,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் இழுத்தால் உங்களுக்குத்தான் நாள் வீணாகும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி: இந்த வேலைக்கு ரெஃபரன்ஸாக என் பெயரைக் கொடுக்க வேண்டாம். என்னால் செய்ய முடியாது.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீங்கள் "பரவாயில்லைங்க அக்கா" என்று உடனே சொல்லிவிடுவீர்கள், நானும் சரி என்று வைத்துவிடுவேன். ஏன் முடியாது என்பது சொல்லாமலே போகும். அப்புறம் நீங்களாக ஒன்று நினைத்துக்கொண்டு, தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பக்கூடத் தயங்குவீர்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரகடத்தில் குவாலிட்டி மேனேஜர் வேலை, அதுவும் இன்டர்வியூ முடிந்து வெரிஃபிகேஷன் வரை வந்துவிட்டது என்றதும் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். நீங்கள் இன்னும் இரண்டு வருடம் முன்பே போயிருக்க வேண்டிய இடம் அது.

விஷயத்துக்கு வருகிறேன். வேலையில் இருப்பவர்கள் யாரும் முன்னாள் ஊழியர்களைப் பற்றி வெளியே எதையும் உறுதி செய்யக் கூடாது, எல்லாம் எச்.ஆர். வழியாகத்தான் போக வேண்டும் என்று போன வருடம் இங்கே ஒரு சர்க்குலர் வந்தது. அதை ஒரு வரியில் எழுதி முடித்திருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் அந்த சர்க்குலர் வராமல் இருந்திருந்தாலும் இந்தப் படிவத்தை நிரப்பியிருக்க மாட்டேன். அதை மறைத்துவிட்டு விதியின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

படிவத்தில் 'ரிப்போர்ட்டிங் மேனேஜர்' என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். நான் பிளானிங், நீங்கள் குவாலிட்டி. அஞ்சு வருடம் ஒரே மாடியில் உட்கார்ந்தோம், தினமும் காலை ஒன்பது மணி மீட்டிங்கில் சண்டை போட்டோம், ஆனால் ஒரு நாளும் நீங்கள் எனக்கு ரிப்போர்ட் பண்ணியதில்லை. வெரிஃபிகேஷன் ஏஜென்சிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுப் பேசுவதோடு நிறுத்த மாட்டார்கள். எச்.ஆருக்குத் தனியாக மெயில் போடுவார்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, யாரிடம் ரிப்போர்ட் செய்தார், நோட்டீஸ் முழுதாகக் கொடுத்தாரா. அங்கிருந்து வேறு பெயர் போகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ரிப்போர்ட்டில் 'முரண்பாடு' என்று ஒரு வரி விழும். காஸ்டிங்கில் குறை இருந்தால் ரீவொர்க் செய்யலாம். குவாலிட்டி மேனேஜர் வேலைக்கு வருகிற ஆள் தன் ரெக்கார்டிலேயே தவறான தகவல் கொடுத்தார் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதை அழிப்பது கஷ்டம்.

என் பெயரை ஏன் போட்டீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. கடைசிப் பத்து மாதம் புதிதாக வந்த மேனேஜரிடம் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாததில்லை. கேன்டீனில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போன நாட்களைப் பார்த்தவள் நான். அவர் வாயிலிருந்து உங்களைப் பற்றி என்ன வருமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். இங்கே வெரிஃபிகேஷன் மெயில் எதுவும் அவர் மேசைக்குப் போவதில்லை, எச்.ஆர். பதிவில் இருப்பதைப் பார்த்துப் பதில் எழுதுகிறார்கள். அந்தப் பதிவில் உங்களுக்கு எதிராக ஒன்றும் இருக்க வழியில்லை. அறுபது நாள் நோட்டீஸில் முப்பது நாள் இருந்தீர்கள், மீதிக்கான சம்பளத்தை செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொண்டார்கள், ரிலீவிங் லெட்டர் கையில் வாங்கிக்கொண்டுதான் கேட்டைத் தாண்டினீர்கள். அதனால் அந்தக் கட்டத்தில் அவர் பெயரையே போடுங்கள். பக்கத்தில் 'கடைசி பத்து மாதம்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாலு வருடத்துக்கு வேறு ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சரி, ரிப்போர்ட்டிங் மேனேஜர் வேண்டாம், உடன் வேலை பார்த்தவர் என்று போடலாமே என்று கேட்பீர்கள். அந்தப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் வந்தால் எப்படிக் கையாண்டார், 8டி ரிப்போர்ட் எத்தனை நாளில் மூடினார், ஐஏடிஎஃப் 16949 ஆடிட்டில் என்ன பங்கு, பிபிஏபி ஃபைல் தனியாகத் தயார் செய்வாரா, கீழே எத்தனை பேரை நடத்தினார். இதில் முக்கால்வாசிக்கு நான் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். லாட் எப்போது கிளியர் ஆகும் என்று உங்களை நச்சரித்தது மட்டும்தான் என் வேலை. ரெஃபரன்ஸ் கொடுக்கிறவர் நாலு கேள்விக்கு மூன்றில் "தெரியாது" என்றால், எதிரில் கேட்பவர் அதை உங்கள் குறையாகத்தான் எழுதிக்கொள்வார்.

எனக்குத் தெரிந்ததை நான் மறந்துவிடவில்லை. அந்த பம்ப் கேசிங் லாட், இரவு பத்தரை மணிக்கு லாரியில் ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. நீங்கள் வந்து இன்னும் அஞ்சு பீஸ் லீக் டெஸ்ட் பார்க்க வேண்டும் என்று நின்றீர்கள். டிஸ்பாட்ச் என் தலையில், டிரைவர் ஹாரன் அடிக்கிறார், நான் உங்களைக் கத்தியதை ஷெட்டில் எல்லோரும் கேட்டார்கள். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்து, மேல் பெட்டியில் ஒன்று, அடியில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு போனீர்கள். மூன்றாவது பீஸில் ஃபிளாஞ்சுக்குக் கீழே குமிழ் குமிழாகக் காற்று வந்தது. வெளியே பார்த்தால் தெரியாத ப்ளோஹோல். அந்த லாட் போயிருந்தால் நாம் அந்த கஸ்டமரையே இழந்திருப்போம். இன்றைக்கும் புதிதாக வருகிற பிளானிங் பசங்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. உங்களிடம் சொன்னதில்லை, அதனால் இப்போது சொல்கிறேன்.

ஒரகடத்துக்காரர்கள் இந்த மாதிரிக் கதையைக் கேட்க வேண்டும். ஆனால் அதை உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும். அடுத்த ரவுண்டில் "கஷ்டமான முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். பிளானிங்கில் ஒரு அக்கா கத்தினாள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

யாரைக் கேட்கலாம் என்றால், முதலில் பழனிசாமி சார். நீங்கள் 2018ல் சேர்ந்ததிலிருந்து 2022ல் அவர் ரிட்டயர் ஆகும்வரை அவரிடம்தான் ரிப்போர்ட் செய்தீர்கள். 8டி எழுத உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ரிட்டயர் ஆனவருக்கு நம் சர்க்குலர் பொருந்தாது. இப்போது பொள்ளாச்சியில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். மெயில் எல்லாம் பார்க்க மாட்டார், நேரில் போய் விடுங்கள். படிவத்தை பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள், அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், எழுத்து பெரிதாக இருக்கட்டும். அவரைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும், இரண்டு வருடமாக நீங்கள் பேசவே இல்லையாம். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது உங்களைத்தான் முதலில் விசாரித்தார்.

இரண்டாவதாக, அந்த ஆட்டோ கஸ்டமர் பக்கத்தில் சப்ளையர் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்த மேடம். அவர் இப்போது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார் என்று நீங்களே சொன்னீர்கள். ஆடிட்டில் உங்கள் எதிரில் உட்கார்ந்தவர் சொல்லும் நாலு வார்த்தை, பக்கத்து டிபார்ட்மென்டில் இருந்த நான் சொல்லும் நாற்பது வார்த்தையைவிட எடை அதிகம். முதலில் ஃபோனில் கேளுங்கள், அவர் சரி என்ற பிறகு பெயரைப் போடுங்கள்.

ஒருவேளை என் பெயரை ஏற்கெனவே அவர்களுக்கு அனுப்பியிருந்தால் பதற வேண்டாம். "நான் கொடுத்த ரெஃபரன்ஸ்களில் ஒருவர் தற்போதும் அதே நிறுவனத்தில் பணியாற்றுவதால், விதிப்படி அவரால் பதில் அளிக்க இயலாது. அவருக்குப் பதிலாக என் முன்னாள் மேலாளரின் விவரத்தைக் கொடுக்கிறேன். ரிப்போர்ட்டிங் மேனேஜர் விவரத்தையும் திருத்தி இணைத்திருக்கிறேன்" என்று ஒரு மெயில் போடுங்கள். இப்படித் திருத்துவது சகஜம். ஏஜென்சியின் ஃபோன் வந்த பிறகு திருத்துவதுதான் சங்கடம். யாராவது என்னைக் கூப்பிட்டால் எச்.ஆர். மெயில் முகவரியைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுவேன், உங்களைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னால் செய்ய முடிந்தவை இரண்டு உண்டு. உங்கள் வெரிஃபிகேஷன் மெயில் எச்.ஆருக்கு வந்த அன்று எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். என்ன பதில் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அது இன்பாக்ஸில் பத்து நாள் தூங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். இன்னொன்று, உங்கள் ரெஸ்யூமே. நீங்கள் அனுப்பியதில் முதல் பக்கம் முழுக்க சர்டிஃபிகேட் பட்டியல்தான் இருக்கிறது, ரிஜெக்ஷனை நீங்கள் குறைத்தது எங்கோ மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது. புதன்கிழமை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கூப்பிடுங்கள், உட்கார்ந்து மாற்றிவிடலாம்.

இதைப் படித்ததும் உங்களுக்கு வருத்தம் இருக்கும். இல்லை என்று நீங்கள் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு புதன்கிழமை கூப்பிட்டாலும் சரிதான். கவிதாவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கலைச்செல்வி

பின்குறிப்பு: பி.எஃப். போர்ட்டலில் உங்கள் யுஏஎன்னைப் போட்டு சர்வீஸ் ஹிஸ்டரியை இன்றைக்கே பாருங்கள். நம் கம்பெனியில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். நம்மிடமிருந்து போன இன்னொரு பையனுக்கு அது ஏறாமல், இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் வேலை பார்த்த மாதிரிக் காட்டி, வெரிஃபிகேஷன் ஒரு வாரம் நின்றுவிட்டது. கடைசி பி.எஃப். பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால் அந்தத் தேதியை நீங்களே போர்ட்டலில் போட்டுவிடலாம், ஆதார் ஓடிபி வந்தால் போதும். ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியைப் போடுங்கள்.