நீர்க்கட்டி கட்டுரை: புதிய முன்னுரை

வணக்கம் சார்.

ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியைப் பற்றிய நம் கட்டுரையின் முன்னுரையை முழுதாக மாற்றி எழுதியிருக்கிறேன். 'முறையில் புதுமை இல்லை, வட்டாரச் செய்தியாக நிற்கிறது' என்று நீரியல் இதழ் திருப்பி அனுப்பியது. சமூகவியல் இதழின் வாசகருக்கு அந்த வட்டாரச் செய்திதான் வேண்டும். பழைய வடிவம் தண்ணீர்ப் பற்றாக்குறையில் தொடங்கி, லேண்ட்சாட் படங்களைச் சுற்றி, கடைசிப் பத்தியில்தான் நீர்க்கட்டியிடம் வந்தது. இப்போது அவரிடமிருந்தே தொடங்குகிறது. படங்களைப் பகுத்த முறை இரண்டாம் பகுதிக்குப் போய்விட்டது. மூன்றாம் பத்தியை மட்டும் கவனமாகப் பாருங்கள் சார், நம் தரவு தாங்குகிற அளவுக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

1. முன்னுரை

ஏரியில் தண்ணீர் இருந்தும் கடைமடை வயல் காய்வதுண்டு. மதகை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதை மதுராந்தகம் வட்டாரத்தில் நாங்கள் ஆய்வு செய்த ஊர்களில் நீர்க்கட்டி பார்த்துவந்தார். அறுவடையில் ஒரு பங்கு நெல் அவருக்குக் கூலி. அவர் பெரும்பாலும் தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவர். தனக்கென்று வயல் இல்லாதவர் ஒருபக்கம் சாயமாட்டார் என்று ஊரார் நம்பினார்கள். ஆனால் நிலம் இல்லை என்பதாலேயே ஏரியைப் பற்றிய முடிவுகளில் அவருக்கு இடமில்லாமல் போனது. இக்கட்டுரை இந்த முரணை ஆராய்கிறது.

ஏரி நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்போது சபையும் அரசும்தான் முன்னால் வருகின்றன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அதன் உறுப்பினருக்கு நிலம் இருக்க வேண்டும் என்பது விதி. சென்னை மாகாணத்தின் 1858 ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு அழைக்க அதிகாரம் தந்தது. குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தமிழக அரசு 2017 இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நிலமுடையவர், அதிகாரி, ஒப்பந்தக்காரர் எல்லாரும் இந்த வரலாற்றில் தெரிகிறார்கள். மதகடியில் நிற்பவர் அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஒன்றின் உபரி நீர் கலிங்கு வழியாக அடுத்ததற்குப் போகும்படி அமைந்த ஆறு ஏரிகளை எடுத்துக்கொண்டோம். ஆழ்துளைக் கிணறு பெருகிய ஊர்களில் முதலில் நீர்க்கட்டிக்கு நெல் அளப்பது நின்றது. வாய்க்கால் தூர்வாருவது அதற்கப்புறம்தான் நின்றது. இந்த வரிசையை வாய்மொழிப் பதிவுகளிலிருந்து பெற்றோம். அதே ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களில் ஏரிகளின் நீர்ப்பரப்பு குறையவில்லை. ஆகவே தண்ணீர் வற்றியதால் நீர்க்கட்டியின் வேலை போனது என்ற விளக்கம் இந்த ஊர்களுக்குப் பொருந்தவில்லை. சொந்தக் கிணறு வந்தபின் பொதுத் தண்ணீரைப் பங்கிட ஓர் ஆள் வேண்டும் என்ற தேவை யாருக்குக் குறைந்தது, யாருக்குக் குறையவில்லை என்பதை அடுத்த பகுதிகள் ஆயக்கட்டின் தலைமடை, கடைமடை வாரியாகப் பார்க்கின்றன.