கமலாவுக்கு, ஐம்பதாவது கல்யாண நாளில்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆவணி, 2025

அன்புள்ள கமலா,

பக்கத்து அறையில் இருப்பவளுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். நேரில் சொன்னால் "போதும் போங்க" என்று அடுப்படிக்குப் போய்விடுவாயே, அதனால்தான் எழுதுகிறேன்.

1975 ஆவணியில் பாடலீசுவரர் கோயிலில் தாலி கட்டினேன். என் சம்பளத்தில் மாசக் கடைசி எப்படி ஓடியது என்பது உனக்குத்தான் வெளிச்சம்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது 2011 டிசம்பரில் அடித்த தானே புயல்தான். ஓடெல்லாம் பறந்து, கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. நான் தலையில் கைவைத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நீ நனையாத விறகாகப் பார்த்துப் பொறுக்கி, மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி வைத்தாய். கரண்ட் வரும்வரை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் உலை. "மரம்தானே, வேற வச்சுக்கலாம்" என்றாய். வைத்தாய். அதில் காய்த்ததைத்தான் இப்போது தெருவே தின்கிறது.

பிள்ளைகளைப் படிக்க வைத்தது, கரையேற்றியது எல்லாம் ஊருக்கே தெரியும், அதை விடு.

ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் கேக் வாங்கி வருகிறார்களாம். உனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு துண்டோடு நிறுத்திக்கொள். அப்புறம், சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். அரக்குப் பட்டு கட்டிக்கொள். முட்டிவலி என்று சாக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்