அடுப்பங்கரை மிஷின்

மார்கழி பிறந்ததிலிருந்து அம்மாவின் தையல் மிஷின் காலையில் ஓட மாட்டேன் என்றது. மிதியை அழுத்தினால் சக்கரம் கால் சுற்று வரும், நின்றுவிடும். கையால் தள்ளி ஓட்டினாலோ துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுருண்டு ஊசியைப் பிடித்துக்கொள்ளும். பொங்கலுக்குக் கொடுக்க வேண்டிய 17 ஜாக்கெட்டுகள் வெட்டின கோலத்தில் கிடந்தன.

ஊசி மாற்றினோம். நூலை மாற்றினோம். கண் பட்டிருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். அது நாலு நாளில் காய்ந்து தொங்கியது.

ஊட்டி மார்க்கெட்டிலிருந்து மிஷின் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். அவர் எங்கள் காந்தல் பகுதிக்கு வந்து சேர மதியம் 12 மணி ஆகிவிட்டது. மிதித்தார். இறக்கத்தில் விட்ட வண்டி மாதிரி ஓடியது! என்னை ஒரு பார்வை பார்த்தார். பெல்ட்டை ஒரு விரற்கடை வெட்டி இழுத்துக் கட்டிவிட்டு 150 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை 7 மணிக்கு மறுபடி அதே கதை.

"வயசாயிடுச்சு அதுக்கு, என்னாட்டமே" என்றாள் அம்மா. அதற்கு மேல் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடை என் தலையில்தான் இருந்தது. நிஜமாகவே தலையில். கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு விழவில்லை. ஊட்டியில் இது புதிதா என்ன. அடுப்போரம் கொண்டுபோனேன். அங்கே அம்மா மிஷினுக்கு எண்ணெய் விடும் மூக்குக் குப்பியை அனலில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுல என்னம்மா இருக்கு?"

"தேங்கா எண்ணெதான். உங்க தாத்தா மேட்டுப்பாளையத்துல அதத்தான் விடுவாரு. நானும் 20 வருசமா அதத்தானே விடுறேன்?"

தலை சீவுவதை விட்டுவிட்டு மிஷினிடம் ஓடினேன். தகட்டை நகர்த்தி, பாபின் கேஸை எடுத்து, ஷட்டிலைக் கழற்றினேன். அது ஓடும் வளையம் முழுக்க வெள்ளையாக, மெழுகு மாதிரி. நகத்தால் சுரண்டினேன். என் பின்னல் வாசனை அடித்தது. துணியின் பஞ்செல்லாம் அதில் ஒட்டி, நூலையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். எங்கள் ஊரில் அதற்கு உறைபனி எதற்கு, சாதாரண ராத்திரியே போதும். மதியம் ஜன்னல் வெயில் அந்தக் கறுப்பு இரும்பில் விழுந்து சுட்டதும் உருகிவிடும். ரிப்பேர்காரர் வந்தது அந்த நேரத்தில்.

ஆனால் 20 வருடம் எப்படி ஓடியது?

கேட்டுக்கொண்டே நிமிர்ந்தேன், பதில் தெரிந்துவிட்டது. இந்தக் கார்த்திகைக் கடைசி வரை மிஷின் இருந்தது அடுப்பங்கரையில், விறகடுப்புச் சுவரை ஒட்டி. அந்தச் சுவர் விடியும்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அளவு கொடுக்க வந்த என் கல்லூரித் தோழி புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே போனாள். எனக்கு மானம் போயிற்று. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூட்டிவந்து மிஷினை முன்னறை ஜன்னலுக்கு நகர்த்தியது நான்தான். "அங்க குளிருமேடி" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்.

குப்பியோடு வாசலில் வந்து நின்றாள்.

"நாந்தாம்மா கெடுத்தேன். பழையபடி உள்ளயே போட்டுடலாம்."

"வேணாம்."

"அங்க போட்டா சரியாயிடும்மா."

"அது எனக்குத் தெரியாதாக்கும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குப்பியின் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"20 வருசமா அந்தச் செவுத்தையே பாத்துத் தச்சேன். இங்கன்னா ரோடு தெரியுது. பஸ்ஸு போவுது, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுது. சொன்னா தூக்கி உள்ள வச்சிருவியேன்னு..."

அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. மார்க்கெட்டுக்குப் போய் மிஷின் ஆயில் வாங்கிவந்தேன். பாட்டிலடியில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்து வளையம், பல், சக்கரத்தின் அச்சு என்று ஒவ்வொன்றாக இருவரும் துடைத்தோம். மஞ்சளாகப் பிசின் வந்தது, வந்துகொண்டே இருந்தது. காய்ந்த எலுமிச்சம்பழத்தையும் அறுத்துப் போட்டேன்.

மறுநாள் விடியலில் கடகடவென்ற சத்தம் கேட்டு எழுந்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு அம்மா மிதித்துக்கொண்டிருந்தாள். ஊட்டி டவுனுக்குப் போகும் முதல் பஸ் வந்தது. காலை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கி, அது வளைவில் மறையும் வரை பார்த்தாள். தையல் கோணிப் போயிருக்கும்.