1.6 ஆய்வின் முக்கியத்துவம்: ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் ஐந்து நிமிட நினைவுகூர் வினாக்கள்

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்த்தால் படித்தது நெடுநாள் நிற்கும் என்பது புதிய செய்தி அல்ல. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நினைவுகூர்ந்து பார்த்தவர்கள் முந்தினார்கள். அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். படித்தவை சிறு உரைநடைப் பகுதிகள். பின்னர் பள்ளி வகுப்பறைகளிலும் இதே கேள்வி ஆராயப்பட்டது. ஆகவே 'முதன்முறையாக' என்ற சொல்லுக்கு இந்த ஆய்வேட்டில் வேலை இல்லை.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது சிறிய, நடைமுறைக் கேள்வி ஒன்றை. 2011இல் வெளியான நடுநிலைப்பள்ளி அறிவியல் வகுப்பு ஆய்வில் மாணவர்கள் கையடக்க மின்கருவியை அழுத்தி விடை சொன்னார்கள்; ஆய்வுக் குழு ஒன்று பின்னால் இருந்தது. அப்படி எதுவும் இல்லாமல், பாடம் எடுக்கும் ஆசிரியரே முந்தைய நாள் மாலையில் மூன்று வினாக்கள் எழுதி, மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் தாளும் பேனாவுமாக நடத்தினால் ஏதாவது பயன் தெரிகிறதா? ஒரே பள்ளியின் இரண்டு பிரிவுகளில், பிரிவுக்கு 33 பேராக, எட்டு வாரங்கள் இது பார்க்கப்படுகிறது. ஒரு பிரிவு வினாக்களுக்கு விடை எழுதும். மற்றது அதே ஐந்து நிமிடத்தில் முந்தைய நாள் குறிப்பை மறுவாசிப்பு செய்யும். எட்டு வாரம் முடிந்து நான்கு வாரங்களுக்குப் பின் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு, முன்னறிவிப்பின்றி.

இதனால் உடனடியாகப் பயன்பெறக்கூடியவர், 'பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் வினாவேறா?' என்று தயங்கும் ஆசிரியர்தான். அந்தத் தயக்கம் நியாயமானது. வாரத்துக்கு நான்கு பாடவேளை வீதம் எட்டு வாரத்தில் 32 வகுப்புகள். வகுப்புக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் 160 நிமிடம். அதாவது 40 நிமிடப் பாடவேளைகள் நான்கு. இந்தச் செலவுக்கு ஈடாக என்ன கிடைத்தது என்பதை மதிப்பெண் வித்தியாசமாக நான்காம் இயலில் காட்டுகிறேன். வினா எழுதவும் திருத்தவும் ஆன நேரத்தையும் நாள்வாரியாகக் குறித்து வருகிறேன். செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியருக்கு மதிப்பெண்ணைவிட அந்தக் குறிப்பே அதிகம் உதவக்கூடும் என்பது என் எண்ணம்.

அடுத்து, இதே தலைப்பில் வேலை செய்யப்போகும் மாணவர்கள். பயன்படுத்திய 96 வினாக்களும் திருத்தும் முறையும் பின்னிணைப்பில் முழுமையாக உள்ளன. வேறொரு வகுப்பில் அப்படியே திரும்பச் செய்து பார்க்கலாம், குறை கண்டால் மாற்றலாம்.

கிடைக்கும் முடிவுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாணவர்களைக் குலுக்கிப்போட்டுப் பிரிக்கவில்லை. பள்ளி ஏற்கெனவே பிரித்துவைத்த வகுப்புகளையே எடுத்துக்கொண்டேன். முன்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டாலும், இரு பிரிவுகளுக்கிடையே ஏற்கெனவே உள்ள எல்லா வேறுபாட்டையும் அது சரிசெய்துவிடாது. இரண்டு வகுப்புக்கும் பாடம் நடத்துபவள் நானே. எந்தப் பிரிவு எதைச் செய்கிறது என்பது எனக்குத் தெரியும் என்பதால், இறுதித் தேர்வுத் தாள்களைப் பிரிவு தெரியாத இன்னோர் ஆசிரியர் திருத்துகிறார். கற்பித்தலில் என்னை அறியாமல் நுழையும் சாய்வுக்கு இது மருந்து ஆகாது.

எண்ணிக்கையும் சிறியது. பிரிவுக்கு 33 பேர் என்றால், 5 விழுக்காடு முக்கியத்துவ மட்டத்தில், 80 விழுக்காடு புள்ளியியல் திறனுடன் கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு ஏறத்தாழ 0.7 திட்ட விலக்கம். அதைவிடச் சிறிய பலன் இருந்தால் இந்த ஆய்வின் கண்ணில் படாமலே போகலாம். எனவே வேறுபாடு தென்படாவிட்டால், 'பயன் இல்லை' என்று எழுதப்போவதில்லை. 'இந்த அளவில் புலப்படவில்லை' என்றே எழுதுவேன், நம்பக இடைவெளியோடு.

தேர்வு அளப்பது பெரும்பாலும் நினைவில் நிற்பதை. ஒளிச்சேர்க்கையின் படிகளைச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு, இருட்டறையில் வைத்த செடி ஏன் வாடுகிறது என்று விளக்கவும் தெரியும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அந்த வகை வினாக்கள் இறுதித் தேர்வில் நான்கே உள்ளன. அவற்றின் மதிப்பெண்ணைத் தனியாகத் தருகிறேன், ஆனால் அதை வைத்து முடிவு எதுவும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தை மாற்றவோ, மற்றப் பாடங்களுக்கும் இதைப் பரிந்துரைக்கவோ போதுமான சான்று ஒரு பள்ளியின் இரண்டு வகுப்புகளிலிருந்து கிடைக்காது. பலன் தெரிந்தால், அதிகப் பள்ளிகளில், மாணவர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, வேறு ஆசிரியர்களைக் கொண்டு செய்து பார்ப்பதே அடுத்த வேலை.